நடுவில் நிற்பவர் யார்?

லிங்க்ட்இனில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால், பெயரை ஒட்டி 1st, 2nd, 3rd என்று ஒரு சின்னக் குறி இருக்கும். 1st என்றால் அவர் உங்களோடு நேரடியாக இணைந்தவர். 2nd என்றால் உங்கள் இணைப்பில் இருக்கும் யாரோ ஒருவர் அவரோடும் இணைந்திருக்கிறார். 3rd என்றால் நடுவில் இரண்டு பேர். நாம் பார்க்க நினைக்கும் ஆளிடம் யார் மூலமாகப் போகலாம் என்று தேடுவதற்கு இந்தக் குறிதான் தொடக்கம்.

நடுவில் ஆள் குறைவாக இருப்பது ஏன் முக்கியம் என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராமும் ஜெஃப்ரி டிராவர்ஸும் 296 பேரைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, பாஸ்டனில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகருக்கு, அறிமுகமானவர்கள் கைமாற்றியே ஓர் ஆவணத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். 1969இல் முடிவை வெளியிட்டார்கள். போய்ச் சேர்ந்தது 64 மட்டுமே. சேர்ந்தவற்றில் நடுவில் இருந்தவர்கள் சராசரியாக ஐந்து பேர். மற்றவை வழியிலேயே நின்றுபோயின. ஒவ்வொரு கை மாறும்போதும் அறுந்துபோக ஒரு வாய்ப்பு உண்டு. அதனால்தான் நடுவில் ஒரே ஒருவர் இருக்கும் 2nd இவ்வளவு மதிப்புள்ளது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கோவையில் வார்ப்படத் தொழில் நடத்தும் ஒருவர், ஓசூரில் உள்ள ஒரு வாகனக் கம்பெனியின் கொள்முதல் மேலாளரைச் சந்திக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலாளரின் பக்கத்தில் 2nd என்று இருக்கிறது. கீழே mutual connections என்ற வரியைத் தட்டினால் மூன்று பேர் வருகிறார்கள்: ஆயிரக்கணக்கான இணைப்புகள் வைத்திருக்கும் ஒரு வேலைவாய்ப்பு ஆலோசகர், கல்லூரியில் கூடப் படித்த நண்பர், முன்பு தன்னிடம் சரக்கு வாங்கிய ஒரு தரக்கட்டுப்பாட்டு அதிகாரி.

திரையில் மூன்று வழிகளும் ஒரே நீளம்தான். ஆனால் இணைப்பு என்பது ஒரு பட்டனை அமுக்கியதற்கான அடையாளம் மட்டுமே. ஆலோசகருக்கு அந்த மேலாளரின் முகம்கூடத் தெரியாமல் இருக்கலாம். எனவே இருவருடைய Experience பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அதிகாரியும் மேலாளரும் 2016 முதல் 2019 வரை ஒரே ஆலையில் இருந்திருந்தால் அது பலமான அறிகுறி. ஒருவருக்கு ஒருவர் Recommendations பகுதியில் எழுதியிருந்தால் இன்னும் பலம். கம்பெனி ஒன்றாக இருந்து ஊரும் வருடமும் வேறாக இருந்தால், அதை நம்ப முடியாது. நண்பர் நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும், மேலாளரோடு பழக்கம் இல்லையென்றால் அந்தப் பாதை பாதியில் நின்றுவிடும். இங்கே பொருத்தமானவர் அதிகாரிதான்.

மேலாளர் 3rd ஆக இருந்தால்? தேடலில் People பிரிவுக்குப் போய், Current company என்பதில் அந்தக் கம்பெனியையும், Connections என்பதில் 2nd என்பதையும் தேர்ந்தெடுங்கள். அதே கம்பெனியில் வேலை பார்க்கும், உங்களுக்கு ஒரே ஒருவர் தள்ளி இருக்கும் ஆட்கள் வரிசையாக வருவார்கள். அவர்களில் கொள்முதல் பிரிவில் இருப்பவரை முதலில் சந்திப்பதே குறுகிய வழி. ஒன்று நினைவிருக்கட்டும்: இலவசக் கணக்கில் மாதத்துக்கு இவ்வளவுதான் தேடலாம் என்ற வரம்பு உண்டு.

ஆளைத் தேர்ந்த பிறகு, முதலில் கேட்க வேண்டியது அறிமுகம் அல்ல, பழக்கம் பற்றி. அதிகாரிக்கு இப்படி எழுதலாம்: “சார், வணக்கம். உங்களோடு ஓசூரில் வேலை பார்த்த கொள்முதல் மேலாளரை உங்களுக்கு நல்ல பழக்கமா? எங்கள் அலுமினிய வார்ப்படம் பற்றி அவரிடம் பதினைந்து நிமிடம் பேச விரும்புகிறேன். சொல்வது சங்கடமாக இருந்தால் பரவாயில்லை சார்.” அவர் சரி என்றால், அப்படியே அனுப்பக்கூடிய ஒரு சிறு குறிப்பைத் தனியாக எழுதிக் கொடுங்கள்: நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், எதற்காக நேரம் கேட்கிறீர்கள் என நாலு வரி. அவர் முதலில் மேலாளரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு அறிமுகப்படுத்துவதுதான் முறை. ஒரே நேரத்தில் மூன்று பேரிடமும் கேட்காதீர்கள். மூன்று பக்கமிருந்தும் ஒரே கோரிக்கை போனால் மேலாளருக்கு அது தொல்லையாகத்தான் தெரியும்.

அறிமுகம் கிடைத்த அன்றே மேலாளருக்கு எழுதுங்கள். சந்திப்பு முடிந்ததும், காரியம் பலித்ததோ இல்லையோ, நடுவில் நின்றவருக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அவர் தன் பெயரைப் பணயம் வைத்திருக்கிறார். அதை மதித்தால்தான் அடுத்த முறையும் அந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கும்.