உதிரும் நுரை வளையம்

ஒலிபெருக்கிப் பெட்டியின் முகத்துணியை நீக்கிப் பார்த்தால், அகன்ற கூம்பு ஒன்று தென்படும். தாழ்ந்த ஓசைகளை எழுப்புவது அதுவே. அதனை வூபர் என்பர். கூம்பு பெரும்பாலும் காகிதக் கூழால் ஆனது. அதன் குறுகிய முனையில் கம்பி சுற்றிய சிறு குழல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அக்குழல் காந்தத்தின் நடுவே உள்ள வட்டமான இடுக்கில், எப்பக்கமும் உராயாமல் நிற்கும். கம்பியில் மின்னோட்டம் பாயும்பொழுது குழல் முன்னும் பின்னும் அசையும்; கூம்பும் உடன் அசைந்து காற்றை அதிரச் செய்யும்.

இக்கூம்பை இரண்டு உறுப்புகள் தாங்குகின்றன. ஒன்று, பின்புறத்தில் குழலைச் சூழ்ந்துள்ள மடிப்புத் துணி. மற்றொன்று, கூம்பின் விளிம்பை இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் மென்மையான வளையம். கூம்பைத் தடையின்றி அசையவிடுவதும், அசையும்பொழுது நடுவழியினின்று விலகாமல் காப்பதும், பெட்டியின் உட்காற்று வெளியேறாமல் அடைப்பதும் அவ்வளையத்தின் பணிகளாகும். பழைய ஒலிபெருக்கிகளில் முதலில் அழிவது இவ்வளையமே.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், 1954ஆம் ஆண்டில் எட்கர் வில்ச்சர், ஹென்றி கிளாஸ் என்னும் இருவர் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். காற்றுப் புகாதபடி மூடிய சிறிய பெட்டியில் வூபரைப் பொருத்தி, உள்ளே அடைபட்ட காற்றையே வில்போலப் பயன்படுத்துவது அவர்களது முறை. கூம்பு உள்ளே செல்லும்போது காற்று நெருங்குகிறது. பின்னர் அதுவே கூம்பை வெளியே தள்ளுகிறது. இம்முறைக்கு மிகவும் தளர்ந்து அசையும் வளையம் தேவை. தொடக்கத்தில் பசை பூசிய துணியால் அதனைச் செய்தனர். பின்னாளில் பாலியூரித்தேன் நுரையைக் கைக்கொண்டனர். நுரை எடை குறைந்தது; எளிதில் வளைவது; தேவையற்ற அதிர்வுகளை அடக்குவது. ஆயினும் துணி வளையங்கள் பல இன்றும் நிலைத்திருக்க, நுரை வளையங்களோ உதிர்ந்துவிட்டன.

இதற்குக் காரணம் என்ன? மிகுதியாக ஒலித்ததே காரணம் எனப் பலர் எண்ணுவர். அது சரியன்று. பல ஆண்டுகள் தொடாமல் மூடிவைத்த பெட்டியிலும் நுரை உதிர்ந்தே கிடக்கும். எஸ்டர் வகைப் பாலியூரித்தேனின் நீண்ட மூலக்கூறுகளைப் பிணைக்கும் இணைப்புகளைக் காற்றிலுள்ள ஈரம் சிறிது சிறிதாக அறுக்கிறது. அங்ஙனம் அறுபடும்போது அமிலம் தோன்றுகிறது. அவ்வமிலம் மேலும் அறுபடுதலை விரைவுபடுத்துகிறது. நுரை முழுதும் நுண்ணிய துளைகளாய் இருப்பதால், ஈரமும் காற்றும் அதன் உள்ளிடம் எங்கும் புகுகின்றன. வெப்பமும் வெயிலும் சிதைவுக்குத் துணை செய்கின்றன. ஏறத்தாழ 15 முதல் 25 ஆண்டுகளில் நுரை தன் மீள்தன்மையை இழந்து, விரலால் தொட்டாலே பிசுபிசுப்பான தூளாய் உதிர்கிறது.

இக்கேட்டை மூன்று அடையாளங்களால் அறியலாம். முகத்துணியை நீக்கினால் வளையத்தில் வெடிப்பும், பெட்டியின் அடியில் கருந்தூளும் தெரியும். தாழ்ந்த ஓசை வலுவிழந்து, இடையே 'பர்ர்' என்னும் நடுக்கம் கேட்கும். கூம்பை இரு கைவிரல்களால் சமமாக மெல்ல அழுத்தி விட்டால், மூடிய பெட்டியில் அது சற்றுத் தயங்கி மீளவேண்டும். காற்றுக் கசிந்தால் உடனே துள்ளி மீளும். இந்நிலையில் தொடர்ந்து ஒலிக்கச் செய்தலே பெருந்தீங்கு. தாங்குவது இன்றிக் கூம்பு சாய்ந்து, குழல் காந்தத்தின் மேல் உராயும். கம்பியின் மேற்பூச்சு தேய்ந்தால், பின்னர் வளையத்தை மாற்றியும் பயன் இராது.

இனி, 12 அங்குல வூபர் ஒன்றிற்குப் புதிய நுரை வளையம் பொருத்தும் முறையைக் காண்போம். முதலில் வூபரைக் கழற்றுமுன் எந்தக் கம்பி எம்முனையில் இணைந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 12 அங்குலம் என்பது பொதுவாக இரும்புச் சட்டத்தின் அளவேயன்றிக் கூம்பின் அளவு அன்று. ஆதலால் கூம்பின் வெளி விட்டம், நுரையின் வளைவு அகலம், சட்டத்தில் ஒட்டும் விளிம்பின் விட்டம் ஆகியவற்றை அளந்து, அவற்றிற்கு ஏற்ற வளையத்தைத் தேர வேண்டும். பழைய நுரை கூம்பின் முன்புறத்தில் ஒட்டப்பட்டிருந்ததா, பின்புறத்திலா என்பதையும் பார்த்து வைத்தல் வேண்டும். புதிய வளையத்தின் நுரை பழையதைவிடத் தடித்தும் விறைத்தும் இருந்தால் கூம்பின் அசைவு மாறி, தாழ்ந்த ஓசையும் மாறிவிடும்.

அடுத்து, பழைய நுரையையும் பசையையும் களைய வேண்டும். இதுவே அதிக நேரம் கொள்ளும் வேலை. சட்டத்தின்மேல் உள்ளதை மழுங்கிய தகட்டால் சுரண்டலாம். காகிதக் கூம்பின் விளிம்பிலோ, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுச் சிறிது சிறிதாகத் துடைத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் காகிதம் கிழியும். தூள் காந்த இடுக்கினுள் விழாதபடி காத்தலும் வேண்டும்.

பின்னர், புதிய வளையத்தை முதலில் கூம்பின் விளிம்பில் ஒட்ட வேண்டும். காகிதத்திற்கும் நுரைக்கும் மெதுவாக உலரும் வெள்ளைப் பசை ஏற்றது. ஒட்டிய பின்னும் சிறிது நேரம் நகர்த்திச் சரிசெய்ய அது இடந்தருகிறது. சுற்றிலும் விரலால் அழுத்தி, ஓர் இரவு முழுதும் உலர விட வேண்டும்.

வேலையின் உயிர்நாடி இதன்பின் வரும் நடுப்படுத்தல் ஆகும். குழலுக்கும் காந்தத்திற்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. ஆகவே கூம்பு சற்றே ஒருபக்கம் சாய்ந்தாலும் உராயும். நடுவில் உள்ள மூடியைக் கவனமாக வெட்டியெடுத்து, குழலுக்கும் நடுத் தண்டிற்கும் இடையே சம கனமுள்ள மெல்லிய பட்டைகள் நான்கினைச் செருகி நிறுத்துவது ஒரு முறை. மூடியைத் தொடாமல், வினாடிக்கு 30 அதிர்வுகள் உள்ள தாழ்ந்த ஓசையை மிகக் குறைந்த அளவில் செலுத்திக்கொண்டே விளிம்பைச் சட்டத்தின்மேல் ஒட்டிச் சரிசெய்வது மற்றொரு முறை. உராய்வு ஒலி கேட்டால், பசை உலருமுன் வளையத்தை எதிர்ப்பக்கம் சிறிதளவு நகர்த்த வேண்டும். பிறகு அழுத்திப் பிடிக்கும் கிளிப்புகளால் சட்டத்தில் பொருத்தி, மீண்டும் ஒரு நாள் உலர விட வேண்டும்.

முடிவில் கூம்பை மெல்ல உள்ளே தள்ளிப் பார்த்தால், எங்கும் கரகரவென்னும் ஒலி எழலாகாது. உரசல் இருந்தால் ஒட்டியதைப் பிரித்து மீண்டும் நடுப்படுத்துவதே வழி. ஒலித்தால் தானே சரியாகும் என்று விடலாகாது. பின்புற மடிப்புத் துணி தொய்ந்திருந்தாலும், குழலின் கம்பி தேய்ந்திருந்தாலும், வளையத்தை மட்டும் மாற்றுவதால் பயன் இல்லை.

இரண்டு பெட்டிகள் ஓரிணையாக இருந்தால், ஒன்றின் நுரை மட்டும் உதிர்ந்து மற்றொன்று நன்றாய்த் தோன்றினும், இரண்டையும் ஒருங்கே மாற்றுதலே முறை. இரண்டும் ஒரே வயதின. மற்றதும் விரைவில் உதிரும். மேலும் புதிய நுரையின் தளர்ச்சியும் பழையதன் தளர்ச்சியும் ஒத்திராமையால், இரு பெட்டிகளின் ஓசையும் இசைந்து வாரா. புதிய நுரையும் காலத்தால் உதிரக் கூடியதே; வெயில் படாமலும் ஈரம் தங்காமலும் வைத்தால் அதன் வாழ்நாள் நீளும்.