ஒரே ஃபோர்டு, பல முகங்கள்

ஒரு நிறுவனம் எந்தக் கொள்கையில் நடக்கிறது என்பதை அதன் விளம்பரத்தில் தேடாதீர்கள். சரக்கு தேங்கும்போது முதலாளி என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

1908-ல் ஃபோர்டின் மாடல் டி கார் 850 டாலர். 1913-ல் நகரும் உற்பத்தி வரிசை வந்தது. அடிச்சட்டம் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம், சில மாதங்களில் ஒன்றரை மணியாகச் சுருங்கியது. விலையும் இறங்கியது. நிறைய செய், மலிவாகக் கொடு: இது உற்பத்திக் கொள்கை. மலிவு விலையைப் பார்த்து, வாடிக்கையாளரை மையமாக வைத்த சந்தைக் கொள்கை இது என்று பலர் ஏமாறுவார்கள். ஆனால் 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாதே!

1920-21 மந்தத்தில் கார்கள் தேங்கின. ஃபோர்டு அவற்றை டீலர்களிடம் தள்ளிவிட்டுப் பணத்தைக் கறந்தது. டீலர்கள் வங்கியில் கடன் வாங்கிக் கட்டினார்கள். கையிருப்பைத் தள்ளுவதே குறியான இது விற்பனைக் கொள்கை.

பிறகு, 'உறுதியான வண்டி, மாற்றம் எதற்கு?' என்ற பிடிவாதம். அது பொருள் கொள்கையின் குணம். ஜெனரல் மோட்டார்ஸோ மக்களின் வசதியைப் பார்த்து செவ்ரலே முதல் காடிலாக் வரை படிப்படியாக வைத்தது, தவணையும் கொடுத்தது. சந்தைக் கொள்கைக்கு நெருக்கமானது அதுதான். 1927-ல் மாடல் டி நின்றுபோனது.