பேரேட்டில் முளைத்த வரி

சட்டக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. எதிரே இருந்தவர் எதையும் லேசில் நம்பாத ரகம். எடுத்த எடுப்பிலேயே மாணவியிடம் கேட்டார்: “குத்தவாளி வக்கீல்கிட்ட உண்மையச் சொல்றான். வக்கீல் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம். திருடனுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி குடுத்த மாதிரி இல்லையாம்மா?”

“பூட்டு உண்டு சார், எல்லாப் பேச்சுக்கும் இல்லை. ‘கள்ளக் கையெழுத்துப் போட்டுட்டேன், எனக்காக வாதாடுங்க’ன்னா அது ரகசியம். ‘இந்தப் போலிப் பத்திரத்தை வச்சு வழக்குப் போடுங்க, நிலம் கைக்கு வரணும்’னா ரகசியம் இல்லை.”

இரண்டும் 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வரும் உதாரணங்கள். 2023இன் புதிய சட்டத்தில் அதுவே 132ஆம் பிரிவு. இரண்டிலும் குற்றம் மோசடிதான். முன்னது நடந்து முடிந்துவிட்டது. பின்னது வழக்கறிஞரின் கையாலேயே நடக்கவிருக்கிறது. முடிந்துபோன குற்றத்துக்கு வாதாடுவது அவர் தொழில். வரப்போகும் குற்றத்துக்குத் துணைபோவது தொழிலே அல்ல. அதனால் பூட்டு உடைவதில்லை, முதலிலிருந்தே விழுவதில்லை.

“சரி, கட்சிக்காரன் வாயே திறக்கலைன்னா?”

அந்தப் பிரிவின் மூன்றாவது உதாரணம் இதற்குத்தான். எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே. கையாடல் வழக்கில் சிக்கியவர் ஒரு வழக்கறிஞரை அமர்த்துகிறார். வழக்கு நடக்கும்போது வழக்கறிஞர் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைக் கவனிக்கிறார். காணாமல் போனதாகச் சொல்லப்படும் அதே தொகை, கட்சிக்காரர் பெயரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. வழக்கை ஏற்றபோது அந்த வரி அங்கே இல்லை. ஒளித்து எடுத்த பணத்தை, கணக்கில் காட்டி எடுத்ததுபோல் ஆக்கும் வரி அது. யாரும் எதையும் சொல்லவில்லை, கண்ணால் கண்டதுதான். ஆனாலும் வழக்கறிஞர் வேலையை ஏற்ற பிறகு நடந்த மோசடியின் அடையாளம் என்பதால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. அந்த வரி முன்பே புத்தகத்தில் இருந்திருந்தால், இந்த விலக்கு பொருந்தாது.

தேர்வாளர் விடவில்லை. “வக்கீல் பாவம், ஒண்ணும் தெரியாதவர். அவரையே ஏமாத்தி யோசனை வாங்கிட்டான். அப்போ?”

“1884 இங்கிலாந்து வழக்கு இருக்கு சார். அவதூறு வழக்குல தோத்த ரெயில்டன், சொத்து ஜப்தி ஆகாம இருக்க என்ன வழின்னு கூட்டாளி காக்ஸோட போய் வக்கீலைக் கேட்டார். அப்புறம் சொத்தைக் காக்ஸுக்கு வித்ததா பத்திரம் எழுதிக்கிட்டாங்க. ரெண்டு பேர் மேலயும் மோசடிச் சதி வழக்கு வந்தப்ப, அந்த வக்கீலே கூண்டேறி அவங்க கேட்டதைச் சொன்னார். அது செல்லும்னு நீதிமன்றம் ஏத்துக்கிச்சு.”

“அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே?”

“அவருக்குத் தெரியணும்னு இல்லை சார். கேட்டவங்க மனசுல என்ன இருந்துச்சுங்கறதுதான் கணக்கு.”