காதுக்கு எட்டும் சேலை

சுங்குடிச் சேலை விற்கும் ஒருவர் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, "புது வரவு, கொள்ளை அழகு! விலை படத்தில்" என்று கீழே எழுதுகிறார். பார்வையற்ற ஒருவரின் போனில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ அந்தப் பதிவை வாசிக்கிறது. படத்துக்கு வந்ததும், செயலி தானாக ஊகித்ததைச் சொல்கிறது: ஏதோ துணியாக இருக்கலாம். சேலையின் நிறம் அவருக்குத் தெரியவில்லை. விலையும் படத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் படத்தோடு சேர்த்து எழுதும் ஆல்ட் டெக்ஸ்ட். இன்ஸ்டாகிராமில் 2018 முதல் இந்த வசதி இருக்கிறது. பதிவிடும் கடைசித் திரையின் கூடுதல் அமைப்புகளில் `Write alt text` என்று வரும். பழைய பதிவுகளையும் திருத்தித் திறந்து சேர்க்கலாம்.

அதில் என்ன எழுதுவது? கடைக்கு வந்தவர் சேலையைப் பிரித்ததும் கண்ணால் எதைக் கண்டுகொள்வாரோ, அதை. அந்தச் சேலைக்கு நான் இப்படி எழுதுவேன்: "அரக்கு நிறப் பருத்திச் சேலை. உடல் முழுக்க மிளகளவு வெள்ளைப் புள்ளிகள். கையால் முடிந்தவை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. நான்கு விரல் அகலக் கரையில் மெல்லிய பொன் ஜரிகை."

புள்ளியைப் பற்றிய அந்தச் சொற்களை விடவே கூடாது. துணியை முடிச்சிட்டுச் சாயம் தோய்த்தால் புள்ளி சற்றுக் கோணலாக விழும். அச்சில் அடித்தால் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். பார்ப்பவர் ஒரு நொடியில் பிரித்தறியும் இந்த வேறுபாடு, கேட்பவருக்கு எழுதினால்தான் கிடைக்கும். நிறத்தையும் விடக்கூடாது. பலர் பார்வையை இடையில் இழந்தவர்கள்; பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கும் எந்த ரவிக்கைக்கு எது பொருந்தும் என்ற கணக்கு உண்டு.

"இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டாம், அதைப் போனே சொல்லிவிடும். முக்கியமானதை முதலில் வையுங்கள். கேட்பவரால் கண்ணோட்டமாக மேய முடியாது.

விலை, நீளம், துவைக்கும் முறை ஆகியவற்றின் இடம் தலைப்புதான். ஆல்ட் டெக்ஸ்ட் கண்ணுக்குத் தெரியாது. மங்கலான பார்வையோடு எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர், வாசிப்பு வசதியைப் பயன்படுத்தாவிட்டால் அது அவருக்கு எட்டாது. எனவே நிறத்தையும் கரையையும் ஒரு வரியில் தலைப்பிலும் சொல்லிவிடுவது நல்லது. தலைப்பை அலங்கார எழுத்துருவில் எழுதினால் அதுவும் பாழ்: அவை கணிதக் குறியீடுகள் என்பதால், வாசிப்பான் குழறும் அல்லது தாண்டிப் போகும்.

ஒரே பதிவில் ஐந்து படங்கள் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி விவரம் வேண்டும். முதல் படத்துக்கு மட்டும் எழுதிவிட்டு முந்தியின் படத்தை வெறுமையாக விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பதிவிட்டதும் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிக் கேட்டால், எந்தப் படத்தில் விவரம் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.