மூன்று கட்டுரைக்கு ஆறு மதிப்பெண்

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் பலர், கடிதத்தில் பாதிக்கு மேல் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலாலேயே நிரப்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையைப் புரட்டினால் இது எவ்வளவு வீண் என்று தெரியும். கல்லூரிப் பணிக்கு நேர்காணலுக்கு அழைப்பவர்களை வடிகட்டும்போது ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 6. நான்காவது கட்டுரையில் இருந்து எண்ணிக்கைக்குப் பயன் இல்லை. அந்த மதிப்பெண்ணும் அழைப்பதற்கு மட்டுமே. யாரை எடுப்பது என்பதை நேர்காணல்தான் தீர்மானிக்கிறது. அங்கே குழுவின் கையில் இருப்பது இந்தக் கடிதம். கேள்விகள் பிறப்பதும் இதிலிருந்துதான்.

தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் வேதியியல் முனைவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நிலத்தடி நீரில் உள்ள புளோரைடை நீக்குவது பற்றி ஆய்வு செய்தவர். அவர் எழுதும் கடிதம் எப்படி இருந்தால் நல்லது?

கற்பித்தல் பற்றிய பத்தியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘மாணவர் மையக் கற்பித்தலில் நம்பிக்கை உடையவள்’ என்ற வரியை எந்தப் பாடத்து ஆசிரியரும் எழுதலாம். அதற்குப் பதிலாக அவர் தன் ஒரு வகுப்பைச் சொல்லட்டும். நீரின் கடினத்தன்மையை இ.டி.டி.ஏ. கரைசலால் அளக்கும் சோதனை. காட்டியைச் சேர்த்ததும் நீர் ஒயின் சிவப்பாக நிற்கும். அளவு முடியும் இடத்தில் நீலமாகும். கரைசலின் பி.எச். 10 அளவில் நிற்க, முன்னதாகத் தாங்கல் கரைசல் ஊற்ற வேண்டும். முதலாண்டு மாணவர்கள் இதை மறப்பது வழக்கம். மறந்தால் நிறம் சட்டென்று மாறாது. மங்கலாக இழுத்துக்கொண்டே போகும். இந்த ஆசிரியை ஒரு குழுவை வேண்டுமென்றே தாங்கல் கரைசல் இல்லாமல் செய்யச் சொல்கிறார். பக்கத்து மேசையின் அளவோடு ஒப்பிட்டு, எங்கே தவறு என்று மாணவர்களே தேடுகிறார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குக் கலைச்சொல்லை முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு தேர்வுத்தாளில் எழுத வேண்டிய ஆங்கிலச் சொல்லைத் தருகிறார். எட்டு வரியில் இதை எழுதிவிடலாம். படிக்கிறவர் கண்முன் ஆய்வகம் வந்து நிற்கும்.

வெளியீடுகளில் முக்கியமானது நேர்மை. அனுப்பப்பட்டது, ஏற்கப்பட்டது, அச்சானது ஆகிய மூன்றும் வேறு வேறு. அனுப்பி மட்டும் வைத்த கட்டுரையை அச்சானவற்றோடு கலந்தால், டி.ஓ.ஐ. எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்த மறுநிமிடம் குழுவுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கடிதத்தின் மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு ஆளாகும். ஆறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை என்றால், அதில் தன் பங்கு எது என்று ஒரு வரி வேண்டும்: ‘மாதிரிகளைச் சேகரித்ததும் அளவீடுகளைச் செய்ததும் நான், கணினிக் கணக்கீடு உடன் ஆசிரியருடையது.’ கூடவே, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களை ஒதுக்குவது நல்லது. அவற்றைப் பட்டியலில் கண்டால், நல்ல கட்டுரைகளையும் குழு ஐயத்தோடுதான் பார்க்கும்.

ஆய்வுத் திட்டத்தில் தேவை, அந்தக் கல்லூரியில் செய்ய முடிவதை எழுதுவது. வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்கும் உதவிப் பேராசிரியருக்கு, கோடி ரூபாய்க் கருவி கேட்கும் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். தருமபுரியின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது நெடுநாளாக அறிந்த பிரச்சினை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் விண்ணப்பதாரர் கல்லூரியைச் சுற்றி 20 கிணறுகளைத் தேர்ந்தெடுக்கிறார். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை. ஒவ்வொரு மாதிரியையும் மூன்று தடவை அளந்தால் ஆண்டுக்கு 120 அளவீடுகள். சாயத்தின் சிவப்பைப் புளோரைடு வெளிறச் செய்யும் முறைக்கு, பல கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் நிறமாலைமானியே போதும். இளநிலை மாணவர்களின் திட்டப்பணியாகவும் இதை நடத்தலாம்.

குறைகளையும் அவர் எழுத வேண்டும். நீரில் அலுமினியமோ பாஸ்பேட்டோ இருந்தால் அளவு பிசகும், 1.4 மில்லிகிராமுக்கு மேல் போனால் மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடி அளக்க வேண்டும். ஐயத்துக்குரிய மாதிரிகளை வாலை வடித்துப் பார்ப்பார் அல்லது புளோரைடு மின்முனை உள்ள ஆய்வகத்தில் சரிபார்ப்பார். இந்த இரண்டு வரிகளே, இவர் வேலையைக் கையால் செய்தவர் என்று குழுவுக்குச் சொல்லிவிடும்.

எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். முழுக் கட்டுரைப் பட்டியலையும் சான்றிதழ்களையும் தனியாக இணைத்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன், கல்லூரியின் பெயரும் துறையின் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.