கடைசியாக வரும் பிள்ளையின் ஓட்டம்

பள்ளி உடற்தகுதித் தேர்வில் பிள்ளைகள் அதிகம் கூச்சப்படுவது 600 மீட்டர் ஓட்டத்தில்தான். மற்றவர்கள் முடித்து நிற்க, ஒருவர் மட்டும் தனியாக ஓடிவருவார். இதைத் திட்டமிடும்போதே தவிர்க்கலாம். வெயில் ஏறுமுன் ஆறேழு பேராக, சில விநாடி இடைவெளியில் புறப்படச் செய்தால் யார் கடைசி என்பதே தெரியாது. எடை பார்ப்பதைத் திரைக்குப் பின்னால் வைத்து, எண்ணை உரக்கச் சொல்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

மொத்த நேரத்தை மட்டும் குறித்தால் பாதி விஷயம் தப்பிவிடும். 200 மீட்டர் தடத்தில் ஒரு மாணவி மூன்று சுற்றை 48, 72, 80 விநாடிகளில் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 நிமிடம் 20 விநாடி. அட்டவணை 'பலவீனம்' என்று சொல்லக்கூடும். ஆனால் சுற்றுக்கணக்கில் தெரிவது, தொடக்கத்திலேயே மூச்சிரைக்க ஓடிவிட்டாள் என்பது. முதல் சுற்றை 62 விநாடிக்கு நிதானப்படுத்தினால், அடுத்த முறை அதே உடம்போடு நேரம் குறையலாம். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டும் ஆசிரியர் கடிகாரத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

உட்கார்ந்து முன்வளையும் அளவு சென்ற ஆண்டைவிடக் குறைந்திருந்தால், முதலில் உயரத்தைப் பாருங்கள். திடீரென வளரும் வயதில் அது தற்காலிகமாகக் குறைவதுண்டு.