மூன்றும் இரண்டும் எத்தனை? இணையக் கடைக் கூடையின் கணக்கு

இணையக் கடையில் ‘கூடையில் சேர்’ பொத்தானை அழுத்தியதும் அந்தப் பொருள் எங்கே போய் உட்காருகிறது என்பது, வாங்குபவர் யாரென்று கடைக்குத் தெரியுமா என்பதைப் பொறுத்தது. அவர் தன் கணக்கில் லாகின் செய்திருந்தால், கடையின் டேட்டாபேஸில் அவர் பெயருக்கு நேரே ஒரு வரி எழுதப்படும். லாகின் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் என்றால் எழுதுவதற்குப் பெயர் இல்லை. அப்போது கடை அவருடைய பிரவுசரிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவைத்து, அந்த எண்ணின் பேரில் கூடையைத் தொடங்குகிறது. சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கன் போலத்தான்: ஆளை யாரும் கேட்பதில்லை, டோக்கனை நீட்டினால் வண்டி கிடைக்கும். முதல் வகையைக் கணக்குக் கூடை என்றும் இரண்டாவதை விருந்தினர் கூடை என்றும் சொல்லலாம். ஒரே ஆளுக்கு இரண்டு கூடைகளும் இருந்து, அவர் நடுவில் லாகின் செய்யும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

டோக்கன் ஏன் தேவைப்படுகிறது? இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் எச்டிடிபி என்ற நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த நொடியில் இன்னொரு பக்கத்தைக் கேட்டவரும் ஒரே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. 1994இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான எம்.சி.ஐ. இணைய விற்பனைக்கான மென்பொருள் ஒன்றைத் திட்டமிட்டது. பாதியில் நிற்கும் கொள்முதல்களைத் தன் சர்வரில் சுமக்க அது விரும்பவில்லை. அந்தத் தகவலை வாங்குபவரின் கம்ப்யூட்டரிலேயே வைக்க வழியுண்டா என்ற கேள்வி நெட்ஸ்கேப் நிறுவனத்திடம் வந்தது. அங்கே பணியாற்றிய லூ மொன்டுல்லி அதற்குக் கண்ட வழிதான் குக்கீ. இன்று விளம்பரக்காரர்கள் ஆட்களைப் பின்தொடர்வதற்காகவே பேசப்படும் குக்கீ, பிறந்தது கடைக் கூடைக்காகத்தான்.

தொடக்க காலத்தில் கூடையிலுள்ள பொருள்களின் பட்டியலையே குக்கீக்குள் எழுதிவைத்த கடைகள் உண்டு. ஆனால் ஒரு குக்கீ ஏறக்குறைய 4,096 பைட்டுகள் வரைதான் தாங்கும். அதைவிட, பிரவுசரில் இருப்பதை வாங்குபவரே திருத்திவிடலாம் என்பது பெரிய தொல்லை. அதனால் இப்போது பட்டியல் கடையின் சர்வரிலேயே இருக்கிறது. டோக்கன் மட்டும் பிரவுசருக்குப் போகிறது. சர்வர் அதை அனுப்பும் வரி இப்படியிருக்கும்:

```
Set-Cookie: cart=b7e2c90f4a1d; Max-Age=2592000; Path=/; Secure; HttpOnly; SameSite=Lax
```

இதில் `Max-Age` என்பது ஆயுள். 25,92,000 விநாடிகள் என்றால் 30 நாள். அதைக் குறிப்பிடாமல் விட்டால் பொதுவாகப் பிரவுசரை மூடியதும் டோக்கன் போய்விடும். மறுநாள் வருபவருக்குக் காலிக் கூடைதான். `Secure` என்றால் பாதுகாப்பான இணைப்பில் மட்டும் போகும். `HttpOnly` என்றால் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகளால் அதைப் படிக்க முடியாது. மேலே உள்ள எண், புரிவதற்காகச் சுருக்கி எழுதியது. உண்மையான டோக்கன் இன்னும் நீளமாக, யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். 1001, 1002 என்று வரிசையாகக் கொடுத்த கடையில், எண்ணை ஒன்று கூட்டிப் பார்க்கிறவருக்குப் பக்கத்து ஆளின் கூடை திறந்துவிடும்.

30 நாள் என்று கடை சொன்னாலும் பிரவுசர் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் குக்கீயை ஆப்பிளின் சஃபாரி 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. சர்வர் நேரடியாக அனுப்பும் குக்கீக்கு அந்தக் கெடுபிடி பொதுவாக இல்லை. கூகுளின் குரோம் எந்தக் குக்கீக்கும் 400 நாளைத் தாண்டி ஆயுள் தருவதில்லை. ‘ஐபோன்காரர்களுக்கு மட்டும் ஒரு வாரத்தில் கூடை காலியாகிறது’ என்று புகார் வந்தால், டோக்கனை எழுதுவது சர்வரா ஸ்கிரிப்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி இணைப்புக்கு வருவோம். ஒரு பெண் திங்கட்கிழமை தன் போனில், லாகின் செய்த நிலையில், அரைக்கிலோ காபித்தூள் பாக்கெட் 3 எடுத்துக் கூடையில் போடுகிறார், பணம் கட்டவில்லை. வியாழக்கிழமை வீட்டு லேப்டாப்பில் அதே கடையைத் திறக்கிறார். அங்கே லாகின் இல்லை; கூடை காலியாகத் தெரிகிறது. அதே காபித்தூளில் 2 பாக்கெட்டும், ஒரு ஃபில்டரும் எடுக்கிறார். பணம் கட்டப் போகும்போது கடை லாகின் கேட்கிறது. இப்போது கடையின் கையில் இரண்டு கூடைகள். ஃபில்டரில் குழப்பமில்லை, அது அப்படியே சேரும். காபித்தூள் எத்தனை பாக்கெட்?

இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது என்பதுதான் வேடிக்கை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கடைகளை இயக்கும் மென்பொருள்களே ஆளுக்கொரு விதமாகக் கணக்குப் போடுகின்றன. மஜென்டோவின் வழக்கமான முறை, இரண்டையும் கூட்டுவது: 5 பாக்கெட். ஜெர்மனியைச் சேர்ந்த கமர்ஸ்டூல்ஸ் இணைக்கும்போது, இரண்டில் எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளும்: 3 பாக்கெட். வேர்ட்பிரஸ் தளங்களில் ஓடும் வூகாமர்ஸ் வெகுகாலமாகப் பின்பற்றிவந்த முறையில், ஒரே பொருள் இரண்டு பக்கமும் இருந்தால் இப்போது கையிலிருக்கும் விருந்தினர் கூடையின் எண்ணிக்கையே நிற்கும்: 2 பாக்கெட். அதே பெண், அதே பொருள், மூன்று கடைகளில் மூன்று பில்.

மூன்றிலும் எது சரி என்பது அந்தப் பெண்ணின் மனதில் இருந்ததைப் பொறுத்தது. அதைக் கடை பார்க்க முடியாது. திங்கட்கிழமை எடுத்தது நினைவில் இருந்து, ‘இன்னும் இரண்டு’ என்று எண்ணியிருந்தால் 5 சரி. பழையது மறந்து மறுபடி எடுத்திருந்தால், அல்லது மூன்று அதிகம் என்று மனம் மாறியிருந்தால், 2 சரி. ஆனால் லேப்டாப்பில் அவர் கண்டது காலிக் கூடை. காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டு அதே பொருளை எடுப்பவர் பெரும்பாலும் முதலிலிருந்துதான் எடுக்கிறார். இந்த ஒரு காரணத்தாலேயே கூட்டல் முறை மூன்றிலும் பலவீனமானது. அது தவறும் விதமும் மோசம்: கவனிக்காதவர் கேட்காத பொருளுக்குப் பணம் கட்டிவிடுவார், பிறகு திருப்பி அனுப்பும் அலைச்சல். பெரியதை எடுக்கும் முறை எந்தக் கூடையில் இருந்ததையும் இழக்காது. தவறினாலும் எண்ணிக்கை அவர் ஒருமுறையாவது தானே தேர்ந்தெடுத்ததாக இருக்கும். மாதாந்திர மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் அதுவே பொருத்தமான நடுவழி.

எந்த முறையானாலும் ‘ஒரே பொருள்’ எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். அரைக்கிலோ பாக்கெட்டும் கால்கிலோ பாக்கெட்டும் பெயரளவில் ஒரே காபித்தூள். கூடைக்கு அவை இரண்டு பொருள்கள். அளவு, நிறம், பெயர் பொறிக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பெயர், எல்லாம் ஒத்துப்போனால்தான் இரு வரிகளும் ஒரு வரியாகலாம். பொருளின் எண்ணை மட்டும் பார்த்து இணைத்த கடையில் ‘எம்’ அளவுச் சட்டையும் ‘எல்’ அளவுச் சட்டையும் சேர்ந்து இரண்டு ‘எல்’ ஆகிவிடும்.

விலையைக் கூடையில் எழுதிவைப்பதும் இதே வகைப் பிழை. கூடையில் இருக்க வேண்டியது எந்தப் பொருள், எத்தனை என்பது மட்டும். விலையும் இருப்பும் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டியவை. இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு முந்தைய தள்ளுபடி விலையில் இன்று பில் போட நேரும். ஒருவருக்கு இத்தனை பாக்கெட்தான் என்ற வரம்பு இருந்தால், அதையும் இணைத்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். விலையோ எண்ணிக்கையோ மாறியிருந்தால் கமுக்கமாக மாற்றிவைக்காமல், மாறியிருக்கிறது என்று ஒரு வரி காட்டுவதே நேர்மையான கடைக்கு அழகு.

நடைமுறையில் அதிகம் வலிப்பது இன்னொரு பிழை: இணைப்பு இரண்டு முறை நடந்துவிடுவது. லாகின் பொத்தானை அழுத்தியதும் சர்வர் இரண்டு கூடைகளையும் கூட்டி 5 ஆக்கிவிட்டது. ஆனால் பதில் வருவதற்குள் நெட் அறுந்தது. பிரவுசர் மறுபடி முயல்கிறது. விருந்தினர் கூடை இன்னும் அழிக்கப்படவில்லை என்றால் அதிலுள்ள 2 பாக்கெட் மீண்டும் சேர்ந்து 7 ஆகும். ஆகவே இணைப்பதும், விருந்தினர் கூடையை முடித்துவைப்பதும் டேட்டாபேஸில் பிரிக்க முடியாத ஒரே நடவடிக்கையாக இருக்க வேண்டும்: நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காது. பெரியதை எடுக்கும் முறைக்கு இங்கேயும் ஓர் ஆதாயம் உண்டு. அதை எத்தனை தடவை திருப்பிச் செய்தாலும் 3 என்பது 3 ஆகவே நிற்கும்.

லாகவுட் செய்யும்போதும் இதே கண்ணி இருக்கிறது. வாடிக்கையாளர் வெளியேறிய பிறகும் கூடை கண்ணில் தெரியட்டும் என்று கணக்குக் கூடையை விருந்தினர் கூடையாகப் படியெடுத்து வைக்கும் கடை, அவர் திரும்ப லாகின் செய்ததும் அந்தப் படியை மூலத்தோடு கூட்டும். 3 பாக்கெட் 6 ஆகும். அடுத்த முறை 12. ஒவ்வொரு லாகினுக்கும் எண்ணிக்கை இரட்டிக்கிறது என்று புகார் வந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரோ, அலுவலகத்தில் பலர் கைமாறும் லேப்டாப்போ என்றால் இது அந்தரங்கப் பிரச்சினையும்கூட. முதலாமவர் எடுத்த மருந்து அடுத்தவர் கண்ணில் படும். அவர் லாகின் செய்தால் அவருடைய கூடைக்கே போய்விடும். லாகவுட் ஆனதும் பிரவுசருக்குப் புது டோக்கனும் காலிக் கூடையும் தருவதே சரியான முறை. வெளியேறியவர் எதையும் இழப்பதில்லை. அவருடைய கூடை கணக்கில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு கடை எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்பதைப் பைசா செலவில்லாமல் யாரும் சோதித்துப் பார்க்கலாம். லாகின் செய்து ஏதாவதொரு பொருளில் 3 எடுத்து வைத்து, லாகவுட் செய்ய வேண்டும். கூடை காலியாகிறதா என்று பார்த்துவிட்டு, அதே பொருளில் 2 எடுத்து மறுபடி லாகின் செய்தால் போதும். 5 என்று காட்டினால் அது கூட்டும் கடை. அங்கே வழக்கமாக வாங்குபவர்கள் பணம் கட்டும் முன் பில்லின் மொத்தத் தொகையோடு நிற்காமல், ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது.